மாத அறிக்கை திரும்பி வந்துவிட்டது: காய்ச்சல், ரெஃபரல், கர்ப்பிணி பார்வை மூன்றுமே கணக்கில் இடிக்கிறது

கோத்தகிரி_செவிலி

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் சமவெளியில் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் மாறுதலாகி கோத்தகிரி வட்டாரத்துக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் நான். என் துணை சுகாதார நிலையத்தின் கீழ் இரண்டு படகர் ஹட்டி, ஒரு எஸ்டேட்டின் மூன்று தொழிலாளர் வீட்டு லைன், ஓர் இருளர் குடியிருப்பு இருக்கின்றன.

அக்டோபர் மாத அறிக்கை சிவப்பு மை வட்டங்களோடு திரும்பி வந்திருக்கிறது. மூன்று இடங்கள்.

ஒன்று, "கர்ப்பிணித் தாய்மார் பார்வை" என்ற கட்டத்தில் 41 எழுதியிருந்தேன். மாத இறுதியில் என் பதிவேட்டில் இருக்கும் கர்ப்பிணிகள் 24 பேர்தான். "24 பேர் இருக்கும் இடத்தில் 41 பேரை எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்த சிஸ்டரின் நகல்களைப் புரட்டினால் சில மாதங்களில் இதே கட்டத்தில் 20-ஐ ஒட்டியும், சில மாதங்களில் 40-ஐத் தாண்டியும் இருக்கிறது. கட்டத்தின் தலைப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இரண்டு, காய்ச்சல் 38 என்று எழுதினேன். நாங்கள் வாரா வாரம் கொடுக்கும் தாளைக் கூட்டினால் 46 வருகிறதாம்.

மூன்று, ரெஃபரலில் காய்ச்சலுக்கு 6, கர்ப்பிணிகள் 4, மொத்தம் 9. "6-ம் 4-ம் 10 அல்லவா?" என்று கேள்வி.

மூன்றுக்குமே என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் எண்ணை மாற்றிக்கொடுத்தால் போதும் என்று அறிக்கையைச் சரிபார்ப்பவர்கள் சொல்கிறார்கள். மாற்றுவதா, விளக்கம் எழுதுவதா? மலையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

டேட்டா_குணா

மேடம், நான் பி.ஹெச்.சி-யில் டேட்டா என்ட்ரி. இதில் குழப்பமே வேண்டாம். வாரத்தாள்தான் ஆதாரம், மேலே அதுதான் ஏற்கெனவே போயிருக்கிறது. அந்த மாதத்து வாரங்களைக் கூட்டி மாத அறிக்கையில் எழுதிவிடுங்கள். 46 என்றால் 46. மாத எண்ணும் வார எண்ணும் ஒத்துப்போனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கர்ப்பிணி விஷயத்தில் நீங்கள் எழுதியது பார்வைகளின் எண்ணிக்கை. அந்தக் கட்டத்துக்கு ஆட்களின் எண்ணிக்கைதான் வேண்டும். 24 பேரையும் பார்த்திருப்பீர்கள் அல்லவா, 24 என்று போடுங்கள்.

---

தாண்டிக்குடி_அம்மா

பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்ததெல்லாம் பழனி மலைப் பக்கம், பண்ணைக்காடு, தாண்டிக்குடி. இந்த மூன்று கட்டமும் என் காலத்திலும் இடித்தவைதான்.

குணா தம்பி, ஆட்களின் எண்ணிக்கை வேண்டும் என்பது சரி. ஆனால் 24 என்று போடச் சொல்வது சரியில்லை. 24 என்பது 31-ம் தேதி மாலை பதிவேட்டில் மிச்சம் இருந்தவர்கள். அந்த மாதத்தில் அந்த அம்மாவின் கைக்குள் இருந்த கர்ப்பிணிகள் அதைவிட அதிகம். நடுவில் பிரசவம் ஆனவர், தாய்வீடு போனவர் எல்லோரையும் மாத ஆரம்பத்தில் இவர்தானே பார்த்திருப்பார்?

கண்ணு, முதலில் இந்த வரிசையில் உன் பதிவேட்டைப் பிரித்து இங்கே போடு. செப்டம்பர் முடிவில் எத்தனை பேர்; அக்டோபரில் புதுப்பதிவு எத்தனை; ஏற்கெனவே எண் வாங்கி வேறு ஊரிலிருந்து வந்தவர் எத்தனை; பிரசவம், கருக்கலைவு, வெளியூர் போனவர் எத்தனை. அதன் பிறகு, பார்த்த ஒவ்வொருவரையும் எத்தனை தடவை பார்த்தாய் என்று எழுது. மொத்தமாகச் சொல்லாதே, பெயர் பெயராக எண்ணு.

---

கோத்தகிரி_செவிலி

அம்மா, நேற்று இரவு உட்கார்ந்து பிரித்துவிட்டேன்.

செப்டம்பர் முடிவில் 23 பேர். அக்டோபரில் புதுப்பதிவு 4. வெளியிலிருந்து வந்தவர்கள் 3: பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த இரண்டு பெண்கள், எஸ்டேட்டுக்குக் கணவரோடு வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பெண் ஒருவர். ஆக மாதத்தில் என் கையில் இருந்தவர்கள் 30. பிரசவம் 3, கருக்கலைவு 1, இங்கிருந்து தாய்வீடு போனவர்கள் 2. 30-இல் 6 போக 24. இது சரியாக வருகிறது.

பார்த்தவர்கள் 22 பேர். அதில் ஒரு தடவை மட்டும் பார்த்தது 8 பேர், இரண்டு தடவை 10 பேர், மூன்று தடவை 3 பேர், ஒருவரை மட்டும் நான்கு தடவை. 8, 20, 9, 4 கூட்டினால் 41. அந்த 41 இப்படி வந்ததுதான்.

பார்க்காதவர்கள் 8. தாய்வீடு போன இருவரும் மாத முதல் வாரத்திலேயே போய்விட்டார்கள். ஒருவர் செப்டம்பர் கடைசியிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். மழையில் மண் சரிந்து வழி அடைபட்டதால் இருவரைப் பார்க்க முடியவில்லை, போனில் பேசினேன். மீதி மூன்று பேர் எஸ்டேட்டில் இலை பறிக்கப் போகிறவர்கள். நான் லைனுக்குப் போகும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும்.

---

தாண்டிக்குடி_அம்மா

இவ்வளவு சுத்தமாகப் பிரித்தபின் பயப்பட ஒன்றும் இல்லை. கட்டத்தில் 22 எழுது. அதே கட்டத்துக்குள் கீழே சின்னதாக "மொத்தப் பார்வை 41" என்று எழுது. குறிப்புப் பகுதியில் "மாதத்தில் இருந்தோர் 30, பார்த்தோர் 22, பாராதோர் 8" என்று ஒரு வரி. 22-ஐ 24-க்கு எதிராக வைத்துப் பார்த்தால் இரண்டு பேர்தான் விட்டுப்போனது போலத் தெரியும். 30-க்கு எதிராக வைத்தால்தான் 8 தெரியும்.

அந்த எட்டுப் பேரில் ஆஸ்பத்திரியில் இருப்பவரையும் தாய்வீடு போனவர்களையும் வேறு யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழி அடைபட்டதும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். எனக்கு அந்த மூன்று எஸ்டேட் பெண்கள்தான் கவலை. அவர்களை நவம்பரிலும் பகல் 11 மணிக்குப் போனால் பார்க்க முடியாது. இலை எடை போடும் இடத்துக்கு அந்த நேரத்துக்குப் போ, இல்லையென்றால் சம்பள நாளன்று போ. மூன்று பேருக்கும் எத்தனையாவது மாதம், போன தடவை ரத்த அளவு, பிரஷர் என்ன என்பதை அறிக்கையின் பின்பக்கம் எழுதி வை. படிவம் கேட்கவில்லை என்றாலும் எழுது. மாதக் கூட்டத்தில் டாக்டர் கேட்டால் கையில் இருக்கும்.

பெயர் பெயராக எண்ணு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருத்தியை நான்கு தடவை பார்த்திருக்கிறாய். அவள் வீடு உன் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இல்லை அவளுக்குப் பிரச்சினை இருந்ததா?

---

கோத்தகிரி_செவிலி

பிரச்சினை இருந்தது அம்மா. அவரைத் தனியாகச் சொல்கிறேன். ரெஃபரல் கணக்கில் இடிப்பதும் அவரால்தான்.

---

பந்தலூர்_கணவர்

வணக்கம் மேடம். கர்ப்பிணி படிவம் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பார்த்து எழுதுகிறேன். என் மனைவிக்கு நான்காவது மாதம். பிக்மி நம்பர் இன்னும் தரவில்லை. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு இந்த மாத அறிக்கையில் பெயர் வந்தால்தான் பணம் வருமா? எந்தப் படிவம் எழுதித் தர வேண்டும்?

---

டேட்டா_குணா

சார், இங்கே பேசுவது செவிலியர் மேலே அனுப்பும் மாத அறிக்கை. அதில் யாருடைய பெயரும் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். உங்கள் மனைவியின் பதிவு தனி. picme.tn.gov.in தளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம், அதைச் செவிலியர் சரிபார்த்து எண் தருவார். ஆதார், வங்கிக் கணக்கு, ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தத் தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் துணை நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். உதவித்தொகைக்கு மட்டுமில்லை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

---

பந்தலூர்_கணவர்

நன்றி சார். புதன்கிழமை போகிறேன்.

---

குன்னூர்_ஆய்வாளர்

சுகாதார ஆய்வாளர். காய்ச்சல் எண் பற்றிச் சொல்கிறேன். குணா சொன்ன மாதிரி வாரத்தாளைக் கூட்டினால் மாதக் கணக்கு வராது. இரண்டு காரணம். வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும், மாதம் அப்படி முடியாது. அடுத்தது, வாரத்தாளில் காய்ச்சலுக்கு ஏழு நாளுக்குள், ஏழு நாளுக்கு மேல் என்று தனித்தனி இடம் இருக்கிறது. மூன்றாம் நாள் வந்தவர் முதல் இடத்தில் ஒரு தடவை ஏறுவார். காய்ச்சல் விடாமல் ஒன்பதாம் நாள் வந்தால் அடுத்த வாரத் தாளில் இரண்டாவது இடத்தில் ஏறுவார். வாரத்தாளுக்கு அது சரி, நீண்ட காய்ச்சல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மாதத்தில் கூட்டும்போது அவர் இரண்டு நோயாளி ஆகிவிடுகிறார்.

சிஸ்டர், உங்கள் 38 எப்படி வந்தது?

---

கோத்தகிரி_செவிலி

சார், எனக்குக் காய்ச்சல் பெயர்கள் மூன்று வழியாக வருகின்றன. நிலையத்தில் நான் பார்த்தவர்கள் 19. ஆஷா வீடு வீடாகப் போய் எழுதியது 14. எஸ்டேட் மருந்தகத்தில் எழுதியது 11. மொத்தம் 44 வரி.

மூன்றையும் ஒரே நீளத் தாளில் ஊர், லைன், வீட்டு எண் வாரியாக எழுதிப் பார்த்தேன். பெயரை வைத்து மட்டும் சேர்க்க முடியவில்லை. எஸ்டேட் எழுத்தர் ஒரு மாதிரி எழுதுகிறார், ஆஷா வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதுகிறார். வீட்டு எண், வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி மூன்றையும் சேர்த்து வைத்தபோது 7 பேர் இரண்டு வரியில் வந்திருப்பது தெரிந்தது. அதில் 6 பேருக்கு ஒரே காய்ச்சல். ஒரு சிறுவனுக்கு மட்டும் 3-ம் தேதி வந்த காய்ச்சல் மூன்று நாளில் விட்டு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவனுக்கு 24-ம் தேதி மறுபடி வந்தது. அவனை இரண்டாகவே விட்டேன். 44-இல் 6 போக 38.

வாரத்தாளின் 46-ஐயும் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது போல ஏழு நாள் தாண்டியதால் இரண்டாவது தடவை ஏறியவர்கள் 5. முதல் வாரம் செப்டம்பர் கடைசி நாட்களையும் சேர்த்தது, அதில் 3 பேர். மாதம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்ததால் கடைசியில் சிக்கல் இல்லை. 46-இல் 8 போனால் 38.

---

டேட்டா_குணா

இது எனக்குப் புதிது மேடம். எங்கள் பி.ஹெச்.சி-யில் நான்கு வாரத்தைக் கூட்டித்தான் சரிபார்க்கிறோம், ஐந்தாவது வாரம் வரும் மாதத்தில் எண் ஏறியிருக்கும், மழை என்று விட்டுவிடுவோம். இனி அந்த வித்தியாசத்துக்கு இரண்டு வரி விளக்கம் கேட்டு வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அந்தச் சிறுவனை இரண்டு என்று எண்ண எத்தனை நாள் இடைவெளி வேண்டும்? எனக்கு ஒரு எண் கொடுத்தால்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியும்.

---

குன்னூர்_ஆய்வாளர்

நாங்கள் இங்கே காய்ச்சல் முழுவதும் விட்டு ஒரு வாரமாவது நன்றாக இருந்தால் புதிது என்று வைத்துக்கொள்கிறோம். இது எங்கள் வட்டாரப் பழக்கம்தான்.

---

தாண்டிக்குடி_அம்மா

நான் நாள் கணக்கு வைக்கவில்லை. நடுவில் சாப்பிட்டு, வேலைக்கோ பள்ளிக்கோ போனாரா என்று கேட்பேன். விட்டு விட்டு வரும் காய்ச்சலில் ஒரு வாரம் இடைவெளி வந்தாலும் நோய் ஒன்றாகவே இருக்கலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் எல்லோரும் ஒரே எண்ணுக்கு வர மாட்டோம். ஒவ்வொரு மாதமும் ஒரே விதமாக எண்ணினால் போன மாதத்தோடு ஒப்பிட முடியும், அதுவாவது நடக்கட்டும்.

---

குன்னூர்_ஆய்வாளர்

சிஸ்டர், அந்த 38 காய்ச்சலில் ஏதாவது ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா?

---

கோத்தகிரி_செவிலி

ஆமாம் சார். எஸ்டேட்டின் கீழ் லைனில் 12-ம் தேதிக்கும் 17-ம் தேதிக்கும் இடையில் 9 பேர். 14-ம் தேதி நான்காவது ஆளைப் பார்த்ததுமே எங்கள் ஆய்வாளருக்குப் போன் செய்தேன். மறுநாள் வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, ரத்த மாதிரியும் எடுத்தார்கள்.

---

குன்னூர்_ஆய்வாளர்

நல்லது. மாத அறிக்கையில் அந்த 9 பேர் 38-க்குள் கரைந்துவிடுவார்கள். நவம்பர் முதல் வாரம் அதைப் படிப்பவருக்கு ஊர் முழுக்கப் பரவலாக 38 என்றுதான் தெரியும். அதனால் குறிப்பில் "கீழ் லைன், 12 முதல் 17 வரை 9 பேர், 14-ம் தேதி தொலைபேசியில் தெரிவித்தது" என்று எழுதுங்கள். போன் செய்ததற்கு வேறு எங்கும் தடயம் இருக்காது.

---

கூடலூர்_ஆஷா

அக்கா நான் கூடலூர் பக்கம் ஆஷா. பணியர் பாடி ரெண்டு, காட்டுநாயக்கர் இருக்கற இடம் ஒண்ணு என் பொறுப்பு. ஒரு விஷயம் மனசுல இருக்கு, சொல்லிடறேன். வழி அடைபட்ட ரெண்டு பேருகிட்ட போன்ல பேசினேன்னு எழுதியிருக்கீங்க. அதைப் பார்வையில சேர்க்காம விட்டுட்டீங்களே. எங்க ஊர்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல யானை பாதையில நிக்கும். பாதி நாள் நான் போன்லதான் விசாரிக்கறேன். குழந்தை அசையுதா, கால் வீங்குதா, தலைவலி இருக்கா, மாத்திரை தீந்துபோச்சான்னு எல்லாம் கேட்டு நோட்டுல எழுதறேன். போன மாசம் ஒரு பொண்ணு போன்ல தலைவலின்னு சொன்னதுனாலதான் மறுநாள் ஜீப் புடிச்சு கூட்டிட்டுப் போனோம். அது வேலை இல்லையா?

---

தாண்டிக்குடி_அம்மா

வேலைதான் அம்மா, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போனில் பிரஷர் பார்க்க முடியாது, சிறுநீரில் உப்பு பார்க்க முடியாது, கண் இமையை விலக்கி வெளுப்பு பார்க்க முடியாது. தலைவலி இருந்தால் சொல்வாள். பிரஷர் 150 ஆகியும் தலைவலி இல்லாதவள் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாள். பார்வை என்ற கட்டத்தில் அதைச் சேர்த்தால், அவளுக்கு பிரஷர் பார்த்தாயிற்று என்று மேலே நினைத்துக்கொள்வார்கள்.

---

கூடலூர்_ஆஷா

அப்போ எங்க எழுதறது? எழுத இடமே இல்லாட்டி நான் செஞ்சதே இல்லைன்னு ஆயிடுது.

---

குன்னூர்_ஆய்வாளர்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்த்தோர், போனில் விசாரித்தோர், இரண்டும் இல்லாதோர் என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அச்சடித்த படிவத்தில் அப்படி இடம் இல்லை, ஒரு வட்டாரத்தில் நாமாகச் சேர்த்தால் பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிட முடியாது. அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்கிறேன்.

---

தாண்டிக்குடி_அம்மா

கேளுங்கள். குறிப்புப் பகுதியில் எழுதுவதை நான் தடுக்கவில்லை. பார்வைக் கட்டத்துக்குள் வரக் கூடாது என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

கோத்தகிரி கண்ணு, அந்த நான்கு தடவை பார்த்த பெண்ணின் கதையைச் சொல்.

---

கோத்தகிரி_செவிலி

எஸ்டேட் லைனில் இருக்கும் பெண். ஏழாவது மாதம். ஆறு நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி. எஸ்டேட் மருந்தகத்தில் மாத்திரை வாங்கிப் போட்டும் விடவில்லை. வீட்டில் உட்காரவைத்துப் பார்த்தபோது இடது மார்புக்குக் கீழே கறுத்த பொருக்கு மாதிரி ஒரு புண், சுற்றிலும் சிவப்பு. அவருக்கே அது தெரியவில்லை, வலியே இல்லை என்றார். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், அங்கிருந்து உதகைக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் இருந்துவிட்டு நன்றாகித் திரும்பிவிட்டார். நான் பார்த்தது அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை, வந்த பிறகு இரண்டு தடவை.

இவர் காய்ச்சலுக்கு அனுப்பிய 6 பேரிலும் இருக்கிறார், கர்ப்பிணியாக அனுப்பிய 4 பேரிலும் இருக்கிறார். ஆள் ஒருவர்தான். அதனால்தான் மொத்தம் 9. அறிக்கையைச் சரிபார்ப்பவர்கள் கர்ப்பிணி ரெஃபரலை 3 ஆக்கிவிடுங்கள், கூட்டல் சரியாகிவிடும் என்கிறார்கள்.

---

மலை_மருத்துவர்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவன். தயவுசெய்து 3 ஆக்க வேண்டாம்.

சிஸ்டர் பார்த்த அந்தப் பொருக்கு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சின்ன பூச்சியின் குஞ்சு கடித்த இடம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி சொல்ல மாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் துணி இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்தப் புண் இருக்கவே இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. தேயிலைச் செடிக்குள் நின்று வேலை செய்பவருக்கு ஐந்தாறு நாள் விடாத காய்ச்சல் என்றால் இதை நினைக்க வேண்டும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் பாதிக்கும். கர்ப்பிணிக்கு வழக்கமான டாக்சிசைக்ளின் தவிர்த்து அசித்ரோமைசின் கொடுக்கிறோம். அதனால் ரெஃபரல் சீட்டில் காய்ச்சல் என்பதோடு ஏழாம் மாதம் என்பதும், புண் எந்த இடத்தில் என்பதும் இருந்தால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம்.

அறிக்கையில் இவரை ஒரு கட்டத்திலிருந்து எடுத்தால், காய்ச்சலோடு வந்த கர்ப்பிணி ஒருவர் இருந்தார் என்ற தகவலே போய்விடும். 6, 4, மொத்தம் 9 ஆட்கள், "ஒருவர் இரண்டிலும்" என்று எழுதுங்கள். கூட்டல் இடிப்பது தவறு இல்லை.

---

தாண்டிக்குடி_அம்மா

டாக்டர் சொன்னது சரி. இன்னொன்றும் கவனி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து உதகைக்கு அனுப்பியது உன் ரெஃபரல் இல்லை, அது அவர்கள் கணக்கு. நீ அனுப்பியது ஒரு தடவைதான். சிலர் அதையும் சேர்த்து இரண்டு என்று எழுதுவார்கள்.

அந்த 9 பேரில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை?

---

கோத்தகிரி_செவிலி

படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை அம்மா. நான் விசாரித்து வைத்திருக்கிறேன். ஓ.பி. சீட்டையோ டிஸ்சார்ஜ் தாளையோ கண்ணால் பார்த்தது 6 பேருக்கு. காய்ச்சலுக்கு அனுப்பிய ஒரு பெரியவர் சம்பளம் போகும் என்று போகவில்லை, காய்ச்சல் விட்டுவிட்டது. ஒரு ஜார்க்கண்ட் பையன் லைனை விட்டே போய்விட்டான், போனான் இல்லையா என்று தெரியாது.

இன்னொருவர் இருளர் குடியிருப்பில் இருக்கும் எட்டாம் மாதக் கர்ப்பிணி. ரத்த அளவு 6.8. அக்டோபர் 27 அன்று அனுப்பினேன். இரண்டு சின்னக் குழந்தைகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போகவில்லை.

---

மலை_மருத்துவர்

7-க்குக் கீழே, அதுவும் எட்டாம் மாதம் என்றால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். மாத்திரை கொடுத்து அடுத்த மாதம் வரை காத்திருக்க முடியாது. உங்கள் மருத்துவருக்கு இன்றே பெயரோடு சொல்லுங்கள். அறிக்கை திருத்துவது நாளை ஆகலாம்.

---

தாண்டிக்குடி_அம்மா

குழந்தைகளை யார் பார்ப்பது என்பதற்கு வழி செய்யாமல் நூறு தடவை அனுப்பினாலும் அவள் போக மாட்டாள். அந்தக் குடியிருப்பில் அவள் மாமியாரோ அக்காவோ இருப்பார்கள், அவர்களிடம் நேரில் பேசு. ஆஷாவைக் கூட அனுப்பு. எங்கள் மலையில் பிரசவ காத்திருப்பு அறை இருக்கும் நிலையங்களில் சின்னக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் தங்கவைத்திருக்கிறோம். உன் பக்கம் எங்கே அந்த அறை இருக்கிறது என்று கேள்.

---

கோத்தகிரி_செவிலி

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். எங்கள் டாக்டரிடம் அன்றே சொன்னேன். ஆஷாவும் நானும் போய் மாமியாரிடம் பேசினோம். நேற்று ஆம்புலன்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் மூத்த குழந்தையை வைத்துக்கொண்டார், சின்னவள் தாயோடு போயிருக்கிறாள். ரத்தம் ஏற்ற ஏற்பாடு நடக்கிறது.

இப்போது அறிக்கையை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

காய்ச்சல்: 38. குறிப்பு: வாரத்தாள் கூட்டல் 46, அதில் 5 ஏழு நாள் தாண்டி மறுபடி ஏறியவர்கள், 3 செப்டம்பரைச் சேர்ந்தவர்கள். கீழ் லைனில் 12 முதல் 17 வரை 9 பேர், 14-ம் தேதி தெரிவித்தது.

ரெஃபரல்: காய்ச்சல் 6, கர்ப்பிணி 4, ஆட்கள் 9, ஒருவர் இரண்டிலும். 31-ம் தேதி வரை சேர்ந்தது உறுதியானவர்கள் 6, போகாதவர்கள் 2, தெரியாதது 1.

கர்ப்பிணிகள்: மாதத்தில் இருந்தோர் 30, பார்த்தோர் 22, மொத்தப் பார்வை 41, மாத இறுதியில் 24. போனில் மட்டும் விசாரித்தோர் 2, குறிப்பில்.

ரத்தம் குறைந்த பெண் நவம்பரில்தான் போனார். அவரை அக்டோபரில் சேர்ந்தவர் ஆக்கிவிடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. நான் மாற்றவில்லை.

---

தாண்டிக்குடி_அம்மா

மாற்றாதே. அக்டோபரில் போகவில்லை என்பது உண்மை. நவம்பர் அறிக்கையில் "போன மாத நிலுவை 1, சேர்ந்தார்" என்று எழுது. எட்டு நாள் ஆனது என்பது தெரிந்தால்தான் அந்தக் குடியிருப்புக்கு வண்டி கேட்க முடியும்.

---

டேட்டா_குணா

மேடம், ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. அந்த ஜார்க்கண்ட் பெண்ணை வெளியிலிருந்து வந்தவர் என்று போட்டிருக்கிறீர்கள். நம் பிக்மியில் அவருக்கு எண் இல்லை என்றால் புதுப்பதிவில்தான் வர வேண்டும். அப்போது புதுப்பதிவு 5, வந்தவர் 2.

---

கோத்தகிரி_செவிலி

அவரிடம் அவர் ஊரில் கொடுத்த தாய் சேய் அட்டை இருக்கிறது, இந்தியில். இரண்டு தடவை பரிசோதனை ஆன தேதியும் இருக்கிறது. ஐந்தாவது மாதம். புதுப்பதிவில் போட்டால் 12 வாரம் தாண்டிப் பதிந்தவர் என்று வரும், அங்கே அவர் நேரத்துக்கே பதிந்திருக்கிறார். அதனால்தான் வந்தவர் என்று வைத்தேன்.

---

தாண்டிக்குடி_அம்மா

நான் உன் பக்கம். அட்டை இருந்தால் வந்தவர்தான்.

---

டேட்டா_குணா

கம்ப்யூட்டரில் எண் இல்லாமல் வந்தவர் என்று ஏற்ற எனக்கு வழி இல்லையே அம்மா. எப்படி வைத்தாலும் 30-ம் 24-ம் மாறாது என்பதால் இந்த மாதம் மேடம் எழுதியபடி இருக்கட்டும். மாவட்டத்தில் கேட்டுவிட்டு வருகிறேன்.

---

கூடலூர்_ஆஷா

குணா சார், கேக்கும்போது போன் விசாரிப்பு பத்தியும் சேத்து கேளுங்க.